பெயரை அழித்தால் ஆள் மறைவாரா?

போன மாதம் அண்ணன் மகளிடமிருந்து ஒரு கோப்பு வந்தது. முதுகலை தரவு அறிவியல் படிக்கிறாள். பாடத்துக்கான புராஜெக்ட்டுக்கு, எங்கள் ஊர்ப் பக்கம் இருக்கும் சர்க்கரை நோய் கிளினிக் ஒன்றிலிருந்து 412 நோயாளிகளின் விவரங்களை வாங்கியிருந்தாள். வகுப்பில் எல்லோருக்கும் பகிர வேண்டும், கிட்ஹப்பிலும் ஏற்ற வேண்டும். அதற்கு முன் ஒரு தடவை பார்த்துச் சொல்லச் சொன்னாள்.

"சித்தப்பா, பேரெல்லாம் எடுத்துட்டேன். போன் நம்பரையும் ஹேஷ் பண்ணிட்டேன். இனி யாரையும் கண்டுபிடிக்க முடியாது."

திறந்து சும்மா உருட்டிக்கொண்டே போனேன். இருநூற்றுச் சொச்சமாவது வரியில் கை நின்றுவிட்டது. ஆண், பிறந்த தேதி, எங்கள் ஊர் பின்கோடு, தொழில் என்ற இடத்தில் "ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்". எங்கள் ஊரில் அந்த வயதில் அப்படி ஒருவர்தான் இருக்கிறார். எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். அதே வரியின் கடைசியில் "பிற நோய்கள்" என்ற நெடுவரிசையில் இருந்த விஷயம், அவர் வீட்டைத் தாண்டி வெளியே யாருக்கும் தெரியாது என்று நிச்சயமாகச் சொல்வேன். எனக்கும் தெரிந்திருக்கக் கூடாது. (இங்கே எழுதும்போது தொழில், ஊர் இரண்டையும் மாற்றியிருக்கிறேன்.)

நான் எதையும் உடைக்கவில்லை, ஹேக் செய்யவில்லை, படித்தேன், அவ்வளவுதான். "பெயரை எடுத்துட்டா போதும்" என்ற நம்பிக்கை எங்கே, எப்போது உடைந்தது என்று அன்று இரவு தேட ஆரம்பித்தேன். கதை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 1990களின் நடுவில் தொடங்குகிறது.

20 டாலர் பட்டியல்

மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீடு வாங்கித் தரும் ஓர் அரசு அமைப்பு இருந்தது. குழுக் காப்பீட்டு ஆணையம் என்று வைத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய 1,35,000 ஊழியர்கள், அவர்கள் குடும்பத்தினர் ஆகியோரின் மருத்துவமனை விவரங்கள் அதனிடம் சேர்ந்திருந்தன. எந்தத் தேதியில் போனார், என்ன நோய், என்ன சிகிச்சை, என்ன மருந்து, எவ்வளவு செலவு என்று ஒரு வரிக்கு ஒரு வருகை. ஆராய்ச்சிக்குப் பயன்படட்டும் என்று இந்தத் தரவின் பிரதியை ஆணையம் ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுத்தது, நிறுவனங்களுக்கு விற்கவும் செய்தது. பெயர், முகவரி எதுவும் அதில் இல்லை. ஆனால் மூன்று நெடுவரிசைகள் தங்கியிருந்தன: முழுப் பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு. அன்று யாருக்கும் அவை ஆபத்தாகத் தெரியவில்லை. வயது வாரியாக, பகுதி வாரியாக ஆராய அவை வேண்டும் இல்லையா?

அப்போது எம்.ஐ.டி.யில் கணினி அறிவியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவர் லதான்யா ஸ்வீனி. அவர் இன்னொரு பட்டியலை வாங்கினார். தான் இருந்த கேம்பிரிட்ஜ் நகரத்தின் வாக்காளர் பட்டியல். விலை 20 டாலர். இரண்டு டிஸ்கெட்டில் கொடுத்தார்கள். மொத்தம் 54,805 பேர். பெயர், முகவரி, எந்தக் கட்சி எனப் பதிந்திருக்கிறார் என்பதோடு அதே மூன்று விவரங்களும் அதிலும் இருந்தன. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு.

இரண்டு பட்டியலும் தனித்தனியாக இருந்தவரை சாதுவானவை. ஒன்றில் நோய் இருக்கிறது, பெயர் இல்லை. மற்றதில் பெயர் இருக்கிறது, நோய் இல்லை. நடுவில் பொதுவாக மூன்று நெடுவரிசைகள். நம்ம வேலையில் தினமும் செய்கிற `JOIN` தான். அதைத்தான் ஸ்வீனி செய்தார்.

அவர் தேடிய ஆள் சாதாரண ஆள் இல்லை. அப்போதைய மாநில ஆளுநர் வில்லியம் வெல்ட். நம் ஊர் கணக்கில் முதலமைச்சர் மாதிரி. அவர் வீடு கேம்பிரிட்ஜில். மாநில ஊழியர் என்பதால் அவருடைய மருத்துவ விவரமும் அந்த ஆணையத்தின் தரவுக்குள் இருந்தது. 1996 மே 18 அன்று ஒரு கல்லூரிப் பட்டமளிப்பு விழா மேடையில் அவர் மயங்கி விழுந்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோனது செய்திகளில் வந்திருந்தது.

வாக்காளர் பட்டியலில் வெல்ட் பிறந்த அதே தேதியில் பிறந்தவர்கள் 6 பேர். அதில் ஆண்கள் 3 பேர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் அந்த மூவரில் ஒருவர் மட்டும். அதாவது அவரே. பெயர் நீக்கிய மருத்துவத் தரவில் அந்த மூன்று விவரங்களும் பொருந்தும் வரிகளை எடுத்தால், ஆளுநரின் நோயும் மருந்தும் கையில்.

ஏன் மூன்றே விவரம் போதுமானது?

இதை முதலில் படித்தபோது, அவர் பிரபலம் என்பதால் மாட்டிக்கொண்டார் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஒரு காகிதத்தில் கணக்கு போட்டுப் பார்த்தால் விஷயம் வேறு.

ஒரு வருடத்தில் 365 நாள். உயிரோடு இருப்பவர்கள் பெரும்பாலும் 80 வருட இடைவெளிக்குள் பிறந்தவர்கள். பாலினம் 2. பெருக்கினால் 58,400 பெட்டிகள். ஓர் அஞ்சல் குறியீட்டுப் பகுதியில் 25,000 பேர் இருந்தால், அவர்களை இந்த 58,400 பெட்டிகளில் போட வேண்டும். ஆளைவிடப் பெட்டி இரண்டு மடங்குக்கு மேல். அப்போது பெரும்பாலானவர்கள் தங்கள் பெட்டியில் தனியாகத்தான் இருப்பார்கள். பிரபலமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஸ்வீனி இதை 1990 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து நாடு முழுக்க மதிப்பிட்டார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் சேர்ந்தால் 87 சதவீதம் பேர் தனித்துத் தெரியக்கூடும் என்று வந்தது. 2006இல் பிலிப் கோல் என்பவர் இதே கணக்கைத் திரும்பப் போட்டபோது 63 சதவீதம் என்று வந்தது. எண் குறைந்தாலும், பாதிக்கு மேல் பேர் அதே நிலைமைதான்.

வெல்ட் கதைக்கும் ஒரு மறுப்பு உண்டு. 2012இல் டேனியல் பார்த்-ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். அன்றைய கேம்பிரிட்ஜில் இருந்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் அதில் பாதிக்குச் சற்று மேல். பட்டியலில் இல்லாத மீதிப் பேரில் அதே தேதியில் பிறந்த இன்னோர் ஆண், அதே பகுதியில் இருந்திருக்கலாம் அல்லவா? பட்டியலை மட்டும் வைத்து "இவர்தான்" என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மயங்கி விழுந்த செய்தி ஊருக்கே தெரிந்திருந்ததால்தான் அந்த உறுதி கிடைத்தது என்பது அவர் வாதம்.

மறுப்பு சரியானதுதான். ஆனால் அதைப் படித்ததும் எனக்குக் கூடுதலாகப் பயம் வந்தது. ஆளுநரின் மயக்கம் செய்தியில் வந்தது. நம் பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனது செய்தியில் வராது, ஆனால் தெருவுக்கே தெரியும். எந்த வாரம், எந்த ஆஸ்பத்திரி என்பதுவரை தெரியும். வாத்தியாரை நான் கண்டுபிடித்ததும் எந்தப் பட்டியலையும் வைத்து அல்ல. என் தலைக்குள் இருந்த ஊரை வைத்துத்தான்.

ஊரின் பெயரை மறைத்த கதை

அடுத்த கதை நேராக மாணவர்களைப் பற்றியது, அதனால் அண்ணன் மகளுக்கு இதைத்தான் முதலில் அனுப்பினேன்.

2008 செப்டம்பரில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சிலர் ஒரு தரவுத்தொகுப்பை வெளியிட்டார்கள். ஒரு கல்லூரியில் ஒரே ஆண்டில் சேர்ந்த மாணவர்களின் ஃபேஸ்புக் பக்கங்கள். யாருக்கு யார் நண்பர், என்ன பாட்டு பிடிக்கும், என்ன படம் பிடிக்கும் என்ற விவரங்கள். பெயர்களையும் அடையாள எண்களையும் நீக்கியிருந்தார்கள். கல்லூரியின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. தரவைப் பெற விரும்புபவர் நிபந்தனைகளை ஒப்புக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டும். நம் ஊர்ப் புராஜெக்ட்டுகளோடு ஒப்பிட்டால் மிகக் கவனமான வேலை.

சில நாட்களிலேயே அது ஹார்வர்டு கல்லூரி என்று தெரிந்துவிட்டது. மைக்கேல் ஜிம்மர் என்ற பேராசிரியர் எப்படி என்று எழுதியிருக்கிறார். அவர் தரவைத் தொடவே இல்லை. தரவோடு வந்த விளக்கக் கையேடு எல்லோரும் படிக்கும்படி இருந்தது, அதைத்தான் படித்தார். அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள தனியார் கல்லூரி. அந்த ஆண்டு சேர்ந்தவர்கள் 1,640 பேர். கையேட்டில் பாடப்பிரிவுகளின் பட்டியல் இருந்தது, அதில் சில பிரிவுகளுக்கு ஹார்வர்டில் மட்டுமே வைக்கும் பெயர்கள். முடிந்தது.

கல்லூரி தெரிந்ததும் அடுத்த கதவு தானாகத் திறக்கிறது. அதே கையேட்டின் எண்ணிக்கைப் பட்டியல்படி, சில நாட்டுப் பின்னணி கொண்டவர்கள் அந்த வகுப்பில் ஒரே ஒருவர். நேபாளி என்று ஒருவர், ஹங்கேரியர் என்று ஒருவர். ஹார்வர்டில் அந்த ஆண்டு சேர்ந்த நேபாளி யார் என்று கேட்டால், கூடப் படித்தவர்கள் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். பிறகு அவருடைய நண்பர்கள் யார், ரசனை என்ன என்பதெல்லாம் திறந்த புத்தகம். தரவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

வெல்ட் கதையில் வெளியாளின் கையில் ஒரு பட்டியல் தேவைப்பட்டது. இங்கே அதுகூட வேண்டாம். கூட்டத்தில் யார் அரிதோ, அவரை அந்த அரிதான தன்மையே காட்டிக்கொடுக்கிறது. எங்கள் ஊரில் "விவசாயி" என்று போட்டால் யாரும் தெரியமாட்டார்கள். "ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்" என்று போட்டால் பெயரையே எழுதிய மாதிரி.

அந்த 412 வரிகள்

ஸ்வீனியும் பியராஞ்செலா சமராட்டியும் 1998இல் இதற்கு ஓர் அளவுகோல் கொடுத்தார்கள். வெளியாள் தெரிந்துகொள்ளக்கூடிய நெடுவரிசைகளை மட்டும் எடுத்துக்கொள். அவற்றில் எல்லா மதிப்பும் ஒன்றாக இருக்கும் வரிகளைக் குழுவாக்கு. எந்தக் குழுவிலும் குறைந்தது k பேர் இருக்க வேண்டும். k என்பது 5 என்றால், யாரைத் தேடினாலும் குறைந்தபட்சம் ஐந்து பேரில் ஒருவர் என்பதோடு தேடுபவர் நிற்க வேண்டும். இதன் பெயர் கே-அனானிமிட்டி.

இதைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். அண்ணன் மகளும் நானும் வீடியோ காலில் உட்கார்ந்து ஓட்டியது இதுதான்:

```python
import pandas as pd
df = pd.read_csv("clinic.csv")
qi = ["dob", "sex", "pincode", "occupation"]
size = df.groupby(qi, dropna=False)[qi[0]].transform("size")
print((size == 1).sum(), "of", len(df))
```

விடை: 412இல் 410 பேர் தனியாக நின்றார்கள். மீதி இரண்டு பேர் யார் என்று பார்த்தபோது இருவருக்கும் சிரிப்பு. ஒரே பின்கோடு, இரண்டு பேரும் விவசாயி, இரண்டு பேருக்கும் பிறந்த தேதி 01-06-1958. அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட ஜூன் மாதத் தேதி! அந்தத் தப்பான தேதிதான் அவர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் பிறந்து சரியான சான்றிதழ் வாங்கிய இளையவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

"அப்போ பிறந்த தேதிய எடுத்துட்டு வயசு போட்டுடலாமா?" என்றாள். நம் வாக்காளர் பட்டியலில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம் எல்லாம் இருக்கிறது, தேர்தல் ஆணையத்தின் தளத்தில் பாகம் பாகமாகக் கிடைக்கிறது என்று ஞாபகப்படுத்தினேன். அதனால் வயதையும் பத்து வருடத் துண்டுகளாக்கினோம். பின்கோட்டை முழுக்க எடுத்துவிட்டோம், அவள் ஆய்வுக்கு அது தேவையே இல்லை. தொழிலை ஐந்து வகையாகச் சுருக்கினோம். இப்போது ஐந்துக்குக் குறைவான குழுக்களில் 38 பேர். 70 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் ஒரே துண்டாக்கி, தொழிலை மூன்று வகையாக்கியதும் 6 பேர் மிஞ்சினார்கள். அந்த ஆறு வரிகளையும் நீக்கினோம். மீதி 406.

அவளுக்கு முடிந்துவிட்டது போல இருந்தது. நான் இன்னொன்றைப் பார்க்கச் சொன்னேன். 30 வயதுக்குக் கீழ், பெண், வீட்டு நிர்வாகம் என்ற குழுவில் 7 பேர். ஐந்தைத் தாண்டியாயிற்று. ஆனால் அந்த ஏழு பேருக்கும் "கர்ப்பகாலச் சர்க்கரை" என்ற இடத்தில் "ஆம்". எழுவரில் என் ஆள் யார் என்று தெரியாது, ஆனால் எழுவரில் யாராக இருந்தாலும் விடை ஒன்றுதான். குழுவுக்குள் எல்லோருக்கும் ரகசியம் ஒன்றாகவே இருந்தால் கூட்டத்தில் ஒளிந்து பயனில்லை. கே-அனானிமிட்டியின் இந்த ஓட்டையை 2006இல் சில ஆய்வாளர்கள் விரிவாக எழுதினார்கள். குழுவில் ஆள் எண்ணிக்கை மட்டும் போதாது, ரகசிய நெடுவரிசையில் மதிப்புகளும் கலந்திருக்க வேண்டும் என்றார்கள். அந்தக் குழுவை அடுத்த வயதுத் துண்டோடு சேர்த்தோம்.

பிறகு அவள் பெருமையாகச் சொன்ன ஹேஷ். போன் எண்ணை எம்.டி.5 ஆக்கியிருந்தாள். இந்திய மொபைல் எண் பத்து இலக்கம், 6, 7, 8, 9 இல்தான் தொடங்கும். மொத்தம் 400 கோடி சாத்தியம். கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள ஒரு கணினி அத்தனைக்கும் எம்.டி.5 போட்டு ஒப்பிட நிமிடக் கணக்குகூட ஆகாது. ஹேஷைத் திருப்பத் தேவையில்லை, எல்லா எண்ணையும் முன்னோக்கிப் போட்டுப் பார்த்தால் போதும். 2014இல் நியூயார்க் டாக்சிப் பயணத் தரவில் இதே தவறு நடந்தது. 17 கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள், வண்டி உரிம எண்களை எம்.டி.5 ஆக்கி வெளியிட்டிருந்தார்கள். சில மணி நேரத்தில் ஒரு பொறியாளர் மொத்தத்தையும் திருப்பிவிட்டார். நாங்கள் ஹேஷை அழித்துவிட்டு வரிகளைக் கலைத்து 1, 2, 3 என்று எண் போட்டோம். வருகைத் தேதிகளை "முதல் வருகையிலிருந்து எத்தனையாவது நாள்" என்று மாற்றினோம். "பிற நோய்கள்" என்ற எழுத்து நெடுவரிசையை முழுக்க எடுத்தோம். என் கை நின்ற இடம் அது.

இதற்கு விலை உண்டு. "சித்தப்பா, வயசுக்கும் சர்க்கரை அளவுக்கும் கிராஃப் போடணும்னுதான் இதையே எடுத்தேன். பத்து வருஷத் துண்டுல என்ன தெரியும்?" என்று கேட்டாள். நியாயம்தான். தரவை எவ்வளவு மழுக்குகிறோமோ, அவ்வளவு பயன் குறையும். இரண்டையும் முழுசாக வைத்துக்கொள்ள ஒரு வித்தையும் இல்லை.

கடைசியில் வேறு வழியாகப் போனோம். கிராஃபை அவள் கிளினிக்கிலேயே, அவர்கள் கணினியிலேயே முழுத் தரவை வைத்துப் போட்டாள். பாட ஆசிரியருக்குப் போனவை கிராஃபும், சராசரி அட்டவணைகளும், நிரலும். கிட்ஹப்பில் அதே நெடுவரிசைகளோடு அவளே உருவாக்கிய பொய் வரிகள் 100. வகுப்பில் 60 பேருக்கும் தேவைப்பட்டது நிரல் ஓடுகிறதா என்று பார்ப்பதுதான். அதற்கு எங்கள் ஊர்க்காரர்கள் வேண்டியதில்லை. நாங்கள் மழுக்கிய 406 வரிகள் கடைசியில் எங்கேயும் போகவில்லை.

என் மெயிலில் வந்த முதல் கோப்பை அழித்துவிட்டேன். போன வாரம் ஊருக்குப் போனபோது சாரைப் பெருமாள் கோவில் வாசலில் பார்த்தேன். "உடம்பு எப்படி இருக்கு சார்?" என்று எப்போதும் கேட்பதுபோல் கேட்டேன். "எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். கோப்பை அழித்தேன், தெரிந்துகொண்டதை அழிக்க முடியவில்லை.